இரண்டு யானை கையில் இருந்தால்: ஏணி மேட் போடுவது எப்படி

கோலாலம்பூரில் பள்ளி மாணவர்களுக்கான செஸ் போட்டி எதற்காவது போய், கடைசிச் சுற்றுகளில் மேசைகளுக்கு நடுவே நடந்து பாருங்கள். ஒரு பிள்ளையிடம் இரண்டு யானை இருக்கும். எதிரே தனி ராஜா மட்டும். ஆட்டம் எப்போதோ முடிந்திருக்க வேண்டியது. ஆனால் அந்த ராஜா பலகை முழுக்கச் சுற்றி வரும், யானைகள் பின்னாலேயே செக், செக் என்று துரத்தும், கடிகாரத்தில் நிமிடம் கரையும். செந்தூலில் சனிக்கிழமை வகுப்புக்கு வரும் நான்காம் ஆண்டுப் பையன் ஒருவனிடம், "ஏன்டா இவ்வளவு செக் கொடுக்கிற?" என்று கேட்டேன். "செக் கொடுத்துக்கிட்டே இருந்தா எப்பவாவது மேட் ஆயிரும் சார்" என்றான். ஆகாது. செக் கொடுப்பது வேறு, ராஜாவின் இடத்தைச் சுருக்குவது வேறு. முதலில் சுருக்க வேண்டும், செக் அதற்குப் பிறகுதான்.

இதற்கான வழிக்கு ஏணி மேட் என்று பெயர். இரண்டு யானை இருந்தால் போதும். ஒரு ராணியும் ஒரு யானையும் இருந்தாலும் இதே வழிதான். உங்கள் ராஜா இருந்த இடத்திலேயே இருக்கலாம், உதவிக்கு வரத் தேவையில்லை. ஒற்றை யானையால் மேட் போடுவதென்றால் உங்கள் ராஜாவும் நடந்து வர வேண்டும், அது கடினமான பாடம். இது அதைவிடப் பல மடங்கு எளிது. அதனால்தான் புதிதாக ஆட வருகிறவர்களுக்கு முதலில் இதைச் சொல்லித் தருகிறோம்.

குறியீடு பற்றி ஒரு வார்த்தை. பலகையில் 1 முதல் 8 வரை எண் போட்டிருப்பவற்றை வரிசை என்றும், a முதல் h வரை எழுத்து போட்டிருப்பவற்றை ஃபைல் என்றும் சொல்கிறேன். போட்டித் தாளில் எழுதுவது போலவே யானைக்கு `R`, ராணிக்கு `Q`, ராஜாவுக்கு `K`. செக் என்றால் `+`, மேட் என்றால் `#`. `x` இருந்தால் காய் வெட்டப்பட்டது என்று அர்த்தம். யானையைச் சிலர் கோட்டை என்பார்கள். எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் அது நேர்கோட்டில்தான் போகும்.

வேலியும் செக்கும்

ஒரு யானை ஒரு வரிசையில் நின்றால், அந்த வரிசை முழுவதும் எதிராளியின் ராஜாவுக்குத் தடை. அவன் அதில் கால் வைக்க முடியாது, அதைத் தாண்டவும் முடியாது. இதை வேலி என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு யானை, வேலிக்கு அடுத்த வரிசையில், அதாவது ராஜா நிற்கும் வரிசையிலேயே வந்து செக் கொடுக்கிறது. ராஜா பின்னால் வர முடியாது, வேலி இருக்கிறது. அதே வரிசையில் நிற்கவும் முடியாது, செக் இருக்கிறது. ஒரு வரிசை மேலே ஏறித்தான் ஆக வேண்டும். இப்போது செக் கொடுத்த யானையே புது வேலி. பழைய வேலியாக நின்ற யானைக்கு வேலை முடிந்துவிட்டது. அது எழுந்து அதற்கு அடுத்த வரிசைக்குப் போய் செக் கொடுக்கிறது. இப்படி மாறி மாறிப் போனால் ராஜா கடைசி வரிசைக்கு வந்து நிற்பான். அதற்கு மேல் ஏற இடமில்லை, அடுத்த செக் மேட்.

பத்துமலையில் படி ஏறுவது போலத்தான். ஒரு கால் படியில் ஊன்றி இருக்கும்போது பின்னால் உள்ள கால் அதைத் தாண்டி அடுத்த படிக்குப் போகும். ஊன்றிய காலையே தூக்கினால் விழுவோம். வகுப்பில் பிள்ளைகள் அதிகமாகச் செய்யும் தவறு இந்த ஊன்றிய காலைத் தூக்குவதுதான், ஆகவே அதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம்.

எதிராளியின் ராஜா `e6`. உங்கள் யானைகள் `a5`, `b4`. ஐந்தாம் வரிசையில் இருக்கும் `a5` யானைதான் இப்போது வேலி. சரியான நகர்த்தல் `Rb6+`. பின்னால் நின்ற யானை முன்னால் வந்து செக் கொடுக்கிறது, ஐந்தாம் வரிசை மூடியே இருக்கிறது, ராஜா ஏழாம் வரிசைக்குப் போக வேண்டியதுதான். ஆனால் கை அவசரத்தில் `Ra6+` என்று வேலி யானையையே நகர்த்திவிட்டால்? அதுவும் செக்தான், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஐந்தாம் வரிசை திறந்துவிட்டது. ராஜா `e5` அல்லது `d5` என்று கீழே இறங்கி வந்துவிடுவான். கஷ்டப்பட்டு ஏற்றிய வரிசை ஒன்று போயிற்று. எப்போதும் பின்னால் உள்ள யானைதான் நகரும். எது பின்னால் என்று சந்தேகம் வந்தால் இப்படிக் கேட்டுக்கொள்ளுங்கள்: ராஜாவுக்குப் பக்கத்து வரிசையை மூடி வைத்திருப்பது எது? அதைத் தொடாதீர்கள். மற்றதுதான் போக வேண்டும்.

தொடாதீர்கள் என்பதைச் சொல்லுக்குச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளுங்கள். போட்டியில் தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும். தவறான யானை மேல் விரல் பட்டால், நடுவர் வந்தாலும் அதையே நகர்த்தச் சொல்வார். கையைத் தொடையில் வைத்துக்கொண்டு கண்ணால் மட்டும் யோசிக்கப் பழகுங்கள்.

ஒரு முழு ஆட்டம்: ஏழு நகர்த்தல்

படத்தில் காட்டும் ஏணி எப்போதும் அழகாக இருக்கும், ஏனென்றால் படத்தில் ராஜா யானைகளை விட்டுத் தூரமாகவே நிற்பான். நிஜ ஆட்டத்தில் அவன் சும்மா இருக்க மாட்டான். யானையை நோக்கித்தான் நடப்பான், ஏனென்றால் அவனுக்கு இருக்கும் ஒரே நம்பிக்கை ஒரு யானையை வெட்டுவதுதான். ஆகவே எதிராளி நன்றாகத் தற்காக்கும் ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டில் பலகை இருந்தால் அடுக்கிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் பார்க்க வேண்டுமென்றால் `lichess.org/editor` பக்கத்தில் இந்த வரியை ஒட்டினால் காய்கள் தானாக அடுக்கப்படும்:

```
8/8/8/4k3/8/8/8/RR4K1 w - - 0 1
```

நீங்கள் வெள்ளை. ராஜா `g1`, யானைகள் `a1`, `b1`. கறுப்பு ராஜா நட்டநடுவில், `e5`-ல். உங்கள் நகர்த்தல்.

முதல் நகர்த்தல் `1.Ra4`. கவனியுங்கள், இது செக் இல்லை. நான்காம் வரிசையில் வேலி போடுகிறோம், அவ்வளவுதான். இந்த அமைதியான முதல் நகர்த்தலைத்தான் புதியவர்கள் விட்டுவிடுவார்கள். அவர்களுக்கு முதலில் செக் கொடுத்தாக வேண்டும். வேலி இல்லாமல் `Rb5+` என்று போனால் ராஜா நான்காம் வரிசைக்கு இறங்கலாம், ஆறாம் வரிசைக்கு ஏறலாம், அவன் இஷ்டம். வேலி போட்ட பிறகு நான்கு வரிசைகள்தான் அவனுக்கு மிச்சம்.

கறுப்பு `1...Kd5`. யானைகள் இருக்கும் பக்கம் ஓர் அடி வைத்திருக்கிறான். இப்போது `2.Rb5+`. வேலி நாலாம் வரிசையில் பத்திரமாக இருக்கிறது, பின்னால் நின்ற யானை தாண்டி வந்து செக். யானை `b`-யில், ராஜா `d`-யில், நடுவில் ஒரு கட்டம். இப்போதைக்கு வெட்ட முடியாது. ஆனால் ராஜா `2...Kc6` என்று குறுக்காக ஏறுகிறான். இப்போது அவன் `b5` யானைக்குப் பக்கத்தில் நிற்கிறான்.

ஏணி வழக்கப்படி அடுத்தது என்ன? `a4` யானை ஆறாம் வரிசைக்குப் போய் செக் கொடுக்க வேண்டும், `Ra6+`. பெரும்பாலானோர் இங்கேதான் மாட்டுவார்கள். "செக்தானே, அவன் ஓடித்தானே ஆகணும்" என்று நினைப்பார்கள். ஓடலாம், அல்லது ஓடும் வழியில் இருப்பதை வெட்டலாம். `3.Ra6+ Kxb5` என்று யானையை வெட்டிக்கொண்டே அவன் செக்கிலிருந்து வெளியே வந்துவிடுவான். `b5` யானைக்குக் காவல் யாருமில்லை. அடுத்து அவன் பக்கத்தில் நிற்கும் `a6` யானையையும் பார்ப்பான். அதை நகர்த்தித் தப்பிக்க வைத்தாலும், உங்களிடம் ஒற்றை யானைதான் மிச்சம். ஏழு நகர்த்தலில் முடிய வேண்டியது முப்பதுக்குப் போகும்.

சரியான பதில் `3.Rh5`. யானையை அதே ஐந்தாம் வரிசையிலேயே, பலகையின் அந்தக் கோடிக்குத் தள்ளிவிடுகிறோம். இதில் இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, யானை தப்பித்தது. இரண்டு, அது ஐந்தாம் வரிசையை விட்டு வெளியே போகவில்லை, ஆகவே வேலி அப்படியே இருக்கிறது. இது செக் இல்லை, நம் ஏணியில் ஒரு நகர்த்தல் நஷ்டம்தான், ஆனால் ராஜாவுக்கு ஒரு வரிசைகூடத் திரும்பக் கிடைக்கவில்லை. யானை ஓட வேண்டி வந்தால் தன் வரிசையிலேயே பக்கவாட்டில் ஓட வேண்டும், மேலேயோ கீழேயோ போகக் கூடாது.

கறுப்பு `3...Kb6`. இன்னும் ஒரு யானை `a4`-ல் இருக்கிறதே, அதற்கு வழி மறிக்கப் பார்க்கிறான். `Ra6+` என்று போனால் `Kxa6`. ஆகவே அதையும் அந்தப் பக்கம் அனுப்புகிறோம்: `4.Rg4`. ஏன் `h4` இல்லை, `g4`? இரண்டு யானையும் ஒரே ஃபைலில் இருந்தால் ஒன்று மற்றதை மறைக்கும். `h4` யானை `h6`-க்குப் போக வேண்டும் என்றால் நடுவில் `h5` யானை நிற்கிறது, தாண்ட முடியாது. பக்கத்துப் பக்கத்து ஃபைலில் நின்றால்தான் தடையில்லாமல் மாறி மாறி ஏறலாம்.

இப்போது இரண்டு யானையும் வலது ஓரத்தில், ராஜா இடது ஓரத்தில். அவன் என்ன செய்தாலும் மீண்டும் நடந்து வந்து சேர நேரம் போதாது. `4...Kc6 5.Rg6+`. ஐந்தாம் வரிசையில் `h5` வேலி, ஆறாம் வரிசையில் செக். `5...Kd7 6.Rh7+`. இப்போது `g6` வேலி. `6...Ke8 7.Rg8#`. ராஜா `e8`-ல், செக் கொடுக்கும் யானை `g8`-ல், ஏழாம் வரிசை முழுவதையும் `h7` யானை மூடியிருக்கிறது. முடிந்தது.

அந்தக் கடைசி நிலையைச் சற்று உற்றுப் பாருங்கள். ராஜா `e`-யில், யானை `g`-யில். நடுவில் `f8` ஒரு கட்டம்தான். இன்னும் ஓர் அடி அவனுக்குக் கிடைத்திருந்தால் `f8`-க்கு வந்து யானைகளை மீண்டும் தொந்தரவு செய்திருப்பான். ராஜா செக்கிலிருந்து தப்பும் ஒவ்வொரு முறையும் குறுக்காக ஏறினால் ஒரு ஃபைல் கிட்ட வருவான். ஆகவே யானைகள் அந்தக் கோடியில், `g`, `h` ஃபைல்களில் இருக்க வேண்டும். தள்ளி வைக்கிறேன் என்று `e`, `f`-ல் வைத்தால் இரண்டே செக்கில் திரும்பவும் ஓட வேண்டி வரும். ஓடுவதென்றால் முழுக்க ஓடுங்கள்.

வகுப்பில் நான் சொல்லிக் கொடுக்கும் சோதனை ஒன்றே ஒன்று. ஒவ்வொரு செக்குக்கும் முன்னால் இரண்டு கேள்வி. நான் போய் நிற்கப்போகும் கட்டம் ராஜாவைத் தொட்டுக்கொண்டு இருக்கிறதா? என் வேலி யானை இப்போது ராஜாவைத் தொட்டுக்கொண்டு இருக்கிறதா? இரண்டுக்கும் இல்லை என்றால் செக். ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்றால், வேலியை விடாமல், எந்த யானை சிக்கலில் இருக்கிறதோ அதைப் பக்கவாட்டில் தள்ளுங்கள்.

எந்த ஓரம்?

இதுவரை மேல் நோக்கியே ஏறினோம். அது கட்டாயம் இல்லை. ஏணியைப் படுக்க வைத்து, `h` ஃபைல் பக்கமோ `a` ஃபைல் பக்கமோ தள்ளலாம். ராஜா எந்த ஓரத்துக்கு அருகில் இருக்கிறானோ அந்த ஓரம்தான் சீக்கிரம் முடியும்.

எடுத்துக்காட்டாக, கறுப்பு ராஜா `g4`. உங்கள் யானைகள் `f8`, `e7`, உங்கள் ராஜா `c2`. மேலே தள்ளுவேன் என்று பிடிவாதம் பிடித்தால் முதலில் மூன்றாம் வரிசையில் வேலி போட்டு, பிறகு நான்கு, ஐந்து, ஆறு என்று நெடுந்தூரம் போக வேண்டும். ஆனால் `f8` யானை ஏற்கெனவே `f` ஃபைல் முழுவதையும் மூடி வைத்திருப்பதைப் பாருங்கள். வேலி தயாராகவே இருக்கிறது. `1.Rg7+` என்றால் ராஜா `h3`, `h4`, `h5` மூன்றில் ஒன்றுக்குப் போக வேண்டும். எதற்குப் போனாலும் `2.Rh8#`. இரண்டே நகர்த்தல். ஆட்டம் வென்ற நிலைக்கு வந்ததும் உடனே கையை நீட்டாமல் "என் யானை எதையாவது ஏற்கெனவே மூடி வைத்திருக்கிறதா?" என்று ஒரு முறை பார்ப்பது இதற்காகத்தான்.

உங்கள் சொந்த ராஜாவும் சில நேரம் குறுக்கே நிற்பான். வேலி யானை `a5`-ல், உங்கள் ராஜா `c5`-ல் என்றால் வேலி `c5`-உடன் முடிந்துவிடுகிறது, அதற்கு அப்பால் கம்பி இல்லை. எதிராளி ராஜா `e6`-ல் இருந்தால் `e5` வழியாக இறங்கிப் போய்விடுவான். ராஜாவை ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், இந்த வேலைக்கு அவன் தேவையில்லை.

ராணியும் யானையும்: சுலபம், ஆனால் ஆபத்தும் இதில்தான்

சிப்பாய் கடைசி வரிசைக்குப் போய் ராணியானதும் பெரும்பாலும் இந்த நிலைதான் வரும். வழி அதே வழி. ராணியும் நேர்கோட்டில் யானை போலவே போகும் என்பதால் அதை இன்னொரு யானை என்று நினைத்துக்கொண்டு ஏணி ஏறலாம். நான் புதியவர்களிடம் சொல்வதும் அதுதான்: ராணியை யானை போல ஆடுங்கள். குறுக்கே போகும் சக்தியை மறந்துவிடுங்கள், முதல் சில மாதங்களுக்காவது. ஏன் என்று பாருங்கள்.

```
8/6k1/R7/3Q4/8/8/8/6K1 w - - 0 1
```

வெள்ளை ராஜா `g1`, யானை `a6`, ராணி `d5`. கறுப்பு ராஜா `g7`. யானை ஆறாம் வரிசையை மூடியிருக்கிறது, ஆகவே வேலி தயார். ராணி ஏழாம் வரிசையில் செக் கொடுக்க வேண்டும். `1.Qd7+` சரி. ராணி `d`-யில், ராஜா `g`-யில், தூரம் போதும். ராஜா `f8`, `g8`, `h8` எங்கே போனாலும் `2.Ra8#`.

ஆனால் ராணி `d5`-ல் இருந்து `f7`-க்கும் குறுக்காகப் போகலாம், அதுவும் செக்தான். "கிட்டப் போய் நெருக்குவோமே" என்ற ஆசை வரும். `1.Qf7+ Kxf7`, ராணி போயிற்று. யானை `a6`-ல் இருந்து `f7`-ஐக் காக்கவில்லை. ராணி பக்கத்தில் போய் நிற்க வேண்டுமென்றால் அந்தக் கட்டத்துக்கு இன்னொரு காயின் காவல் வேண்டும். ஏணியில் அந்தக் காவல் தேவையே இல்லை, ஏனென்றால் நாம் பக்கத்தில் போவதே இல்லை.

இரண்டாவது ஆபத்து இன்னும் மோசம். `1.Qd7+ Kh8` என்று ராஜா மூலைக்குப் போய்விட்டான். `2.Ra8#` போட்டால் ஆட்டம் முடிந்தது. அதற்குப் பதிலாக, "முதலில் ஓடும் வழியை அடைப்போம்" என்று `2.Qf7` போட்டால்? ராஜா `h8`-ல். `g8`, `g7`, `h7` மூன்றையும் ராணி மூடிவிட்டது. ஆனால் ராஜாவுக்குச் செக் இல்லை. அவனிடம் நகர்த்த வேறு காயும் இல்லை. ஸ்டேல்மேட், ஆட்டம் டிரா. ஒரு ராணி, ஒரு யானை அதிகமாக வைத்துக்கொண்டு அரைப் புள்ளி. மூலையில் நிற்கும் ராஜாவிடமிருந்து குதிரை தாண்டும் தூரத்தில் ராணி நிற்பது எப்போதும் சந்தேகத்துக்குரியது. `h8` ராஜாவுக்கு `f7`-ம் `g6`-ம் அப்படிப்பட்ட கட்டங்கள். `a8` ராஜாவுக்கு `c7`, `b6`. இந்தக் கட்டங்களில் ராணியை வைக்கும் முன் எதிராளிக்கு நகர்த்த ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அவனிடம் நகரக்கூடிய சிப்பாய் ஒன்று இருந்தால் ஸ்டேல்மேட் வராது.

இரண்டு யானையிலும் ஸ்டேல்மேட் வரலாம், ஆனால் அரிது. கறுப்பு ராஜா `h8`, உங்கள் யானைகள் `a7`, `g1` என்று நின்று, கறுப்பின் முறை வந்தால் ஸ்டேல்மேட்தான். ஏணியை ஒழுங்காக ஏறுகிறவருக்கு இது வராது, ஏனென்றால் ஒரு யானை வரிசையையும் இன்னொன்று ஃபைலையும் மூடுவது ஏணியே இல்லை. வேலி போடும்போது இரண்டு யானையும் ஒரே திசையில் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள்.

ஏற்கெனவே யானை ஒன்று இருக்கிறது, சிப்பாயும் கடைசி வரிசைக்கு வருகிறது, ஸ்டேல்மேட் பயம் இருக்கிறது என்றால் ராணிக்குப் பதில் யானையாகவே மாற்றிக்கொள்ளலாம். யாரும் சிரிக்க மாட்டார்கள், விதி அனுமதிக்கிறது. இங்கே ஒரு சின்ன விஷயம். மேசையில் உதிரி ராணி இல்லையென்றால் சில பிள்ளைகள் யானையைத் தலைகீழாக வைத்துவிட்டு ராணி என்பார்கள். நண்பர்களோடு மாமாக் கடையில் ஆடும்போது செல்லும். போட்டியில் தலைகீழாக இருந்தாலும் அது யானைதான். கடிகாரத்தை நிறுத்தி, கையைத் தூக்கி, நடுவரிடம் ராணி கேளுங்கள். அதற்காகக் கடிகாரத்தை நிறுத்த உங்களுக்கு உரிமை உண்டு.

எதிராளியிடம் வேறு காய்கள் இருந்தால்

தனி ராஜாவாக இல்லாமல் குதிரையோ மந்திரியோ மிச்சமிருந்தாலும் ஏணி வேலை செய்யும். ஒவ்வொரு செக்குக்கும் முன்னால் கேள்வி ஒன்று கூடும்: அந்தக் காய் என் யானையை வெட்டுமா, அல்லது நடுவில் வந்து மறைக்குமா? தூரத்திலிருந்து செக் கொடுப்பதில் இருக்கும் ஒரே குறை இது, நடுவில் இடம் நிறைய இருப்பதால் மறைக்க வசதி. ஆனால் காவல் இல்லாத கட்டத்தில் வந்து மறைத்தால் அதை வெட்டிக்கொண்டு மேலே போகலாம்.

சிப்பாய் ராணியாகப் போகிற நிலையில் இருந்தால் அதை முதலில் எண்ணுங்கள். உங்களுக்கு மேட் போட நான்கு நகர்த்தல், அவனுக்கு ராணியாக இரண்டு என்றால், ஏணியை விட்டுவிட்டு முதலில் சிப்பாயை வெட்டுங்கள். ஏணியின் செக்குகள் தொடர்ச்சியாக வரும் என்றால் மட்டும் கவலை வேண்டாம், செக் இருக்கும்போது, நடுவில் வந்து செக்கை மறைத்தால் தவிர, அவனால் சிப்பாயைத் தள்ள முடியாது. நடுவில் `Rh5` போல ஓர் அமைதியான நகர்த்தல் வந்தால்தான் அவனுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்.

கடிகாரம்

பத்து நிமிட ஆட்டத்தில் கடைசியாக முப்பது வினாடி மிச்சம், கையில் இரண்டு யானை. நேரம் போதும், ஆனால் யோசிக்க நேரம் போதாது, கை பழகியிருக்க வேண்டும். மேலே கொடுத்த முதல் நிலையை வைத்து வீட்டில் அண்ணனையோ தங்கையையோ எதிரே உட்கார வைத்து, "யானையை வெட்டப் பார், மேட் ஆகக் கூடாது" என்று சொல்லி ஆடுங்கள். முதலில் கடிகாரம் வேண்டாம். யானை ஒன்றுகூடப் போகாமல் மேட் வந்த பிறகு ஒரு நிமிடம் வையுங்கள், பிறகு முப்பது வினாடி. ராஜாவைப் பலகையின் வேறு வேறு இடத்தில் வைத்துத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் நகர்த்தலை மனப்பாடம் செய்துவிடுவீர்கள். எந்தக் கையால் காயை நகர்த்துகிறீர்களோ அதே கையால்தான் கடிகாரத்தையும் அழுத்த வேண்டும். வலக்கையில் காய், இடக்கையில் கடிகாரம் என்று வீட்டில் பழகினால் போட்டியில் நடுவர் கண்டிப்பார்.

நேரம் முடிந்தே போனால்? எதிராளியிடம் தனி ராஜா மட்டும் என்றால் நீங்கள் தோற்க மாட்டீர்கள், டிரா. தனி ராஜாவால் எந்த வழியிலும் மேட் போட முடியாது என்பதால் விதி அப்படி. ஆனால் அவனிடம் ஒரே ஒரு சிப்பாய் மிச்சமிருந்தாலும் உங்களுக்குத் தோல்விதான், ஏனென்றால் அந்தச் சிப்பாய் ராணியாகி மேட் போடலாம் என்று விதி கணக்கிடும். ஆகவே நேரம் குறைவாக இருந்து, கடைசிச் சிப்பாயை ஒரே நகர்த்தலில் ஆபத்தில்லாமல் வெட்ட முடியும் என்றால் முதலில் வெட்டிவிடுங்கள்.

நேரம் இருந்தும் காரணமில்லாமல் செக் கொடுத்துக்கொண்டே சுற்றினாலும் டிராவாகலாம். ஒரே நிலை மூன்று முறை வந்தால் எதிராளி டிரா கேட்கலாம். காய் எதுவும் வெட்டப்படாமல், சிப்பாய் எதுவும் நகராமல் இரு பக்கமும் ஐம்பது நகர்த்தல் போனாலும் கேட்கலாம். ஏணி தெரிந்தவருக்கு ஐம்பது எட்டாத எண், மூன்று முறை என்பதுதான் பதற்றத்தில் வந்துவிடும்.

மேட் போட்டதும் காய்களைக் கலைத்துவிடாதீர்கள். பிள்ளைகள் சந்தோஷத்தில் உடனே பெட்டியில் அள்ளிப் போட்டுவிடுவார்கள். எதிராளி "அது மேட் இல்லையே, எனக்கு ஒரு கட்டம் இருந்ததே" என்று பிறகு சொன்னால் காட்ட ஒன்றும் இருக்காது. கடிகாரத்தை நிறுத்துங்கள், காய்கள் அப்படியே இருக்கட்டும், எதிராளி ஒப்புக்கொண்டு கை கொடுக்கும் வரை காத்திருங்கள். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் கை தூக்குங்கள், நடுவர் வந்து பலகையைப் பார்த்துச் சொல்லட்டும். முடிவை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகு காய்களை அடுக்கலாம்.